சுயவிடைக் கேள்விக்கு அளவுகோல் எழுதுவதும் கடினத்தை அளப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதிப்பீட்டுப் பயிற்சியில் சேரும் சிங்கப்பூர்த் தமிழாசிரியர்கள் ஒப்படைப்பு நெருங்கும்போது கேட்கும் கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே எடுத்துக்காட்டுதான். உயர்நிலை 1, கருத்தறிதல் தேர்வு, ஒரே நிலையில் தமிழ் படிக்கும் இரண்டு வகுப்புகள், மொத்தம் 30 மாணவர்கள். கதைப்பகுதியும் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் இதில் வரும் சிக்கல்கள் எந்தப் பள்ளி ஆசிரியர் அறையிலும் காதில் விழுபவை.

கதை இதுதான். பாட்டி காலை ஐந்து மணிக்கே எழுந்து, முழங்கால் வலியோடு நின்று புட்டு அவித்து மலரிடம் கொடுத்தனுப்புகிறார். மலர் டப்பாவை எம்ஆர்டி இருக்கையிலேயே மறந்துவிட்டு இறங்கிவிடுகிறாள். மாலையில் பாட்டி கேட்டபோது, "ரொம்ப நல்லா இருந்தது பாட்டி" என்கிறாள். மறுநாள் காலை மலர் டப்பா வேண்டாம் என்று சொல்ல, எடுத்த டப்பாவைப் பாட்டி மெல்ல அலமாரியில் திரும்ப வைக்கிறார். அவர் முகம் வாடுகிறது.

முதலில் கேள்வியை எழுதுவதா, ரூப்ரிக் என்னும் அளவுகோலை எழுதுவதா? எங்கள் பள்ளியில் திருத்த உட்காரும்போதுதான் ரூப்ரிக் தயாராகும்.

இரண்டையும் ஒரே நாளில், ஒரே தாளில் எழுதுங்கள். கேள்வியை எழுதி முடித்த உடனே, அதற்கு முழு மதிப்பெண் வாங்கும் விடையை மாணவர் எழுதக்கூடிய தமிழில் எழுதிப் பாருங்கள். நம்முடைய தமிழில் எழுதிப் பார்ப்பதில் பயனில்லை. 13 வயதுப் பிள்ளை நான்கு வரியில் எழுதக்கூடியது எதுவோ, அதுதான் முழு விடை.

அப்படி எழுதும்போதே கேள்வியின் ஓட்டை தெரிந்துவிடும். "மலர் உண்மையை மறைத்தது ஏன்?" என்று மட்டும் கேட்டு 3 மதிப்பெண் போட்டிருந்தால், பிள்ளை ஒரு காரணத்தை ஒரு வாக்கியத்தில் எழுதி நிறுத்திக்கொள்வான். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டான், அதில் குற்றமில்லை. மீதி 2 மதிப்பெண்ணுக்கு நாம் எதை எதிர்பார்த்தோம் என்பது நம் மனத்தில்தான் இருக்கிறது, தாளில் இல்லை. அதனால் நம் எடுத்துக்காட்டில் 4ஆம் கேள்வி இப்படி அமைந்தது: "மலர் பாட்டியிடம் உண்மையை மறைத்தது ஏன்? பகுதியிலிருந்து சான்று காட்டி விளக்குக."

"மிகத் தெளிவான விளக்கம் 3, ஓரளவு தெளிவான விளக்கம் 2, தெளிவற்ற விளக்கம் 1" என்று எழுதினேன். வழிகாட்டி வட்டம் போட்டுத் திருப்பிவிட்டார். என்ன குறை?

அந்த மூன்று வரிகளில் மலரும் இல்லை, பாட்டியும் இல்லை. எந்தத் தேர்வின் எந்தக் கேள்விக்கும் அப்படியே ஒட்டவைக்கலாம். "ஓரளவு" என்பதை ஒவ்வோர் ஆசிரியரும் தம் அனுபவத்தை வைத்து நிரப்பிக்கொள்வார். கடுமையானவர் கையில் அது 1 ஆகும், இளகிய மனத்துக்காரர் கையில் 2 ஆகும். ஒரே ஆசிரியர்கூட முதல் ஐந்து தாள்களில் ஒரு மாதிரியும், இரவு பத்து மணிக்கு மேல் வேறு மாதிரியும் நிரப்புவார்.

விடையில் எது இருந்தால் மதிப்பெண் என்று சொல்லுங்கள். நம் கேள்விக்கு அது மூன்று துண்டாகப் பிரிகிறது. காரணத்துக்கு ஒரு மதிப்பெண்: பாட்டியின் மனம் நோகக்கூடாது என்பது. சான்றுக்கு ஒரு மதிப்பெண்: அதிகாலையில் எழுந்தது, வலியோடு சமைத்தது இரண்டில் ஏதேனும் ஒன்று. இணைப்புக்கு ஒரு மதிப்பெண்: அவ்வளவு பாடுபட்டுச் செய்தது வீணானது தெரிந்தால் வருந்துவார் என்று சான்றையும் காரணத்தையும் சேர்த்துச் சொல்வது.

இனி நான்கு விடைகளை இதில் வைத்துப் பாருங்கள்.

"பாட்டி மனசு கஷ்டப்படும்னு மலர் சொல்லல." காரணம் இருக்கிறது, 1.

"பாட்டி ஐந்து மணிக்கு எழுந்து முழங்கால் வலியோடு புட்டு அவித்தார்." சான்று மட்டும் இருக்கிறது, 1. பழைய அளவுகோலில் இந்த விடைதான் சண்டையைக் கிளப்பும். ஒருவர் "கேள்விக்கே பதில் இல்லை" என்று 0 போடுவார், இன்னொருவர் "பகுதியைப் புரிந்துகொண்டிருக்கிறான்" என்று 2 போடுவார். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு என்பதுதான் தொல்லை.

"பாட்டி வலியோடு எழுந்து சமைத்ததால், டப்பாவைத் தொலைத்தது தெரிந்தால் வருந்துவார் என்று மறைத்தாள்." மூன்றும் இருக்கின்றன, 3.

"பாட்டி திட்டுவார் என்று பயம்." இதற்கு 0, ஏனென்றால் பாட்டி திட்டுபவர் என்பதற்குப் பகுதியில் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் இந்த விடை வரும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்து, அளவுகோலிலேயே "ஏற்கப்படாது" என்று எழுதி வைத்துவிடுங்கள். எழுதாமல் விட்டால் யாராவது ஒருவர் இரக்கப்பட்டு அரை மதிப்பெண் போடுவார். அரை மதிப்பெண் நுழைந்துவிட்டால் அளவுகோல் கையை விட்டுப் போய்விடும்.

கட்டுரைக்கும் இப்படித் துண்டு துண்டாகப் பிரிக்கலாமா என்று உடனே கேட்பார்கள். அது வேறு கதை. அங்கே தரநிலை விவரிப்புகள் தேவைப்படும். சிறுவிடைக்கு இதுவே போதும்.

எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கலாமா? பேச்சு வழக்கில் எழுதினால்?

பள்ளியின் பாடத்துறை என்ன முடிவு செய்திருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். ஆனால் அந்த முடிவு அளவுகோலில் தனி வரியாக இருக்க வேண்டும். கருத்துக்கான மதிப்பெண்ணில் மொழிப்பிழையைக் கலந்துவிட்டால், "மனசு கஷ்டப்படும்னு" என்று எழுதிய பிள்ளைக்குக் கிடைத்த 0, அவனுக்குக் கதை புரியவில்லை என்று காட்டுகிறதா, எழுத்துத் தமிழ் வரவில்லை என்று காட்டுகிறதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் ஆங்கிலமும் கொஞ்சம் பேச்சுத் தமிழும் மட்டுமே புழங்கும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் நிறைய. அவர்களுக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல, இரண்டுக்கும் நாம் கொடுக்கும் பயிற்சியும் ஒன்றல்ல.

மொழிக்கு மதிப்பெண் வேண்டுமென்றால், தாளின் எல்லாச் சுயவிடைகளுக்கும் சேர்த்துத் தனியாக 2 மதிப்பெண் ஒதுக்குங்கள். அப்போதுதான் ஒரே பிழைக்கு ஐந்து கேள்வியிலும் வெட்டு விழாமல் இருக்கும்.

அளவுகோல் சரியாக வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

பத்து விடைத்தாள்களை எடுங்கள். நன்றாக எழுதுபவர், நடுத்தரம், தடுமாறுபவர் என்று கலந்து இருக்கட்டும். பெயரையும், முதல் ஆசிரியர் போட்ட மதிப்பெண்ணையும் மறைத்து, இன்னோர் ஆசிரியரிடம் அளவுகோலை மட்டும் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். வாய்மொழியாக எதையும் விளக்காதீர்கள். நீங்கள் விளக்க வேண்டியிருந்தால், விளக்கியது அத்தனையும் அளவுகோலில் இல்லாதது.

நம் எடுத்துக்காட்டில் பழைய "ஓரளவு" அளவுகோலில் 10 தாளில் 5 மட்டுமே இருவருக்கும் ஒத்துப்போயின. புதியதில் 9 ஒத்துப்போயின. பத்தே தாளுக்கு இதற்கு மேல் கணக்குப் போட வேண்டியதில்லை. எந்தத் தாளில் வேறுபாடு வந்தது, ஒருவர் எப்போதும் கூடுதலாகப் போடுகிறாரா என்ற இரண்டையும் பாருங்கள். ஒருவர் எல்லாத் தாளிலும் 1 கூடுதலாகப் போட்டால், இருவரும் சேர்ந்து உட்கார்ந்து மாதிரித் தாள்களைப் பேசித் தீர்க்க வேண்டும். வேறுபாடு இங்கொன்றும் அங்கொன்றுமாக வந்தால், அளவுகோலின் வாசகத்தைத் திருத்த வேண்டும்.

பள்ளியில் தமிழுக்கு நீங்கள் ஒருவர்தானா? இரண்டு வாரம் கழித்து அதே பத்துத் தாள்களை, முதல் மதிப்பெண்ணைப் பார்க்காமல் நீங்களே மறுபடி திருத்துங்கள். இன்னொருவர் பார்ப்பதற்கு அது ஈடாகாது, ஆனாலும் உங்கள் கை எங்கே வழுக்குகிறது என்று காட்டும்.

திருத்தும்போது ஒரு மாணவரின் தாள் முழுவதையும் முடித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போகாதீர்கள். எல்லாருடைய 4ஆம் கேள்வியையும் திருத்திவிட்டு, பிறகு எல்லாருடைய 5ஆம் கேள்விக்குப் போங்கள். முன் கேள்விகளில் நன்றாக எழுதியவர் என்ற எண்ணம் அடுத்த மதிப்பெண்ணுக்குள் புகுவதை இது நன்றாகவே குறைக்கும்.

கேள்வியின் கடினத்தை எப்படிக் கணக்கிடுவது?

தெரிவுவிடை என்றால், சரியாக எழுதியவர் எண்ணிக்கையை மொத்தப் பேரால் வகுத்தால் போதும். 30 பேரில் 18 பேர் சரி என்றால் 0.60. சுயவிடை என்றால், சராசரி மதிப்பெண்ணை முழு மதிப்பெண்ணால் வகுக்க வேண்டும். எண் பெரிதாக இருந்தால் கேள்வி எளிது. புதிதாக வருபவர்கள் இதைத் தலைகீழாகப் படித்துவிட்டு ஒப்படைப்பு முழுவதையும் அப்படியே எழுதிவிடுவது உண்டு, கவனம்.

எக்செலில் ஒரு மாணவருக்கு ஒரு வரிசை, ஒரு கேள்விக்கு ஒரு பத்தி. 4ஆம் கேள்வியின் மதிப்பெண்கள் E பத்தியில் இருக்கட்டும். அந்தக் கேள்வியைத் தவிர்த்த மொத்த மதிப்பெண்ணை வைத்து, கூடுதலாக எடுத்தவர் மேலே வருமாறு வரிசைகளை அடுக்கிவிட்டு இவற்றைப் போடுங்கள்:

```
=AVERAGE(E2:E31)/3
=(SUM(E2:E11)-SUM(E22:E31))/(10*3)
```

முதல் வரி கடினம். இரண்டாவது வேறுபடுத்தும் திறன்: மேல் பத்துப் பேரும் கீழ்ப் பத்துப் பேரும் அந்தக் கேள்வியில் எவ்வளவு விலகி நிற்கிறார்கள் என்பது. பாடநூல்களில் மேல் 27 விழுக்காடு, கீழ் 27 விழுக்காடு என்று இருக்கும். அது 1939-இல் புள்ளியியல் அறிஞர் கெல்லி சொன்ன கணக்கு. 30 பேரில் அது 8 பேராகிவிடுவதால், வகுப்புத் தேர்வுக்கு மூன்றில் ஒரு பங்கு எடுத்துக்கொள்வது வசதி.

ஒரு பொறி இருக்கிறது. AVERAGE வெற்றுக் கட்டங்களைக் கணக்கில் சேர்க்காது. தேர்வுக்கு வராதவருக்குக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள், முதல் வரிக்கு அது சரி; இரண்டாவது வரியில் அவரைக் கீழ்ப் பத்துப் பேரில் சேர்க்காதீர்கள். வந்தும் விடை எழுதாதவருக்கு 0 போட மறந்தால் கேள்வி உண்மையைவிட எளிதாகத் தெரியும். கடைசிக் கேள்வியில் மட்டும் வெற்று விடைகள் குவிந்திருந்தால் அது பெரும்பாலும் நேரம் போதாததன் அடையாளம். அதைக் கேள்வியின் கடினமென்று எழுதிவிடாதீர்கள்.

என் சுயவிடைக் கேள்விக்கு 0.37 வந்தது. கேள்வி கடினம், நீக்க வேண்டும் என்று எழுதலாமா?

அவசரப்படாதீர்கள். அந்த 0.37 கேள்வியிலிருந்து மட்டும் வரவில்லை, உங்கள் பேனாவிலிருந்தும் வந்திருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள் என்பேன்.

நம் 4ஆம் கேள்விக்கும் பழைய அளவுகோலில் இதே எண்தான் வந்தது. சராசரியைத் தள்ளிவைத்துவிட்டு மதிப்பெண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று எண்ணுங்கள்: 3 வாங்கியவர் 2 பேர், 2 வாங்கியவர் 5 பேர், 1 வாங்கியவர் 17 பேர், 0 வாங்கியவர் 6 பேர். கூட்டினால் 33, அதாவது 90-க்கு 33. பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரே படியில் நிற்கிறார்கள். மேல் பத்துப் பேர் சேர்ந்து 14, கீழ்ப் பத்துப் பேர் சேர்ந்து 8, எனவே வேறுபடுத்தும் திறன் 0.20. மற்ற கேள்விகளில் நன்றாகச் செய்தவர்களும் இங்கே 1-தான் வாங்கியிருக்கிறார்கள். கேள்வி உண்மையிலேயே கடினமென்றால், கீழ்ப் பகுதியினர் 0-விலும் மேல் பகுதியினர் சிலராவது 2, 3-லும் தெரிவார்கள். எல்லாரும் 1-இல் குவிந்தால் திருத்தியவர் மேல் படிகளைப் பயன்படுத்தவில்லை என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அந்த 17 தாள்களைப் பிரித்துப் பார்த்தால் காரணம் தெரியும். காரணமும் சான்றும் இரண்டும் எழுதி, இணைப்பு மட்டும் இல்லாத விடைகள் மாதிரி விடையைப் போல இல்லாததால் "தெளிவற்றது" என்று 1 வாங்கியிருக்கின்றன. பேச்சு வழக்கில் எழுதப்பட்ட சில முழு விடைகளும் அங்கேயே கிடக்கின்றன.

அதே 30 தாள்களை, ஒரு சொல்லும் மாறாமல், துண்டு பிரித்த அளவுகோலில் மறுபடி திருத்தும்போது 3 வாங்கியவர் 6, 2 வாங்கியவர் 11, 1 வாங்கியவர் 9, 0 வாங்கியவர் 4. கூட்டினால் 49, கடினம் 0.54. மேல் பத்துப் பேர் 24, கீழ்ப் பத்துப் பேர் 8, வேறுபடுத்தும் திறன் 0.53. கீழ்ப் பத்துப் பேரின் கூட்டுத்தொகை அசையவே இல்லை, மேலே இருப்பவர்கள்தான் தங்களுக்கு உரிய இடத்துக்கு ஏறியிருக்கிறார்கள். கேள்வி அதே கேள்வி. நீக்கியிருந்தால் தாளின் நல்ல கேள்விகளில் ஒன்றை இழந்திருப்போம்.

அதனால் ஒப்படைப்பில் வரிசை முக்கியம். சுயவிடைக்கு முதலில் இருவர் திருத்திய ஒப்புமை, பிறகு மதிப்பெண் பரவல், அதற்குப் பிறகே கடினமும் வேறுபடுத்தும் திறனும். ஒப்புமை 10-க்கு 5 என்று இருக்கும்போது கடினத்தை இரண்டு தசமத்தில் எழுதுவது வேடிக்கைதான்.

தெரிவுவிடைக் கேள்வி ஒன்றில் வேறுபடுத்தும் திறன் குறை எண்ணாக வந்துவிட்டது. கணக்கில் பிழையா?

முதலில் விடைக்குறிப்பைப் பாருங்கள், 2 என்பதற்குப் பதில் 3 என்று தட்டச்சாகியிருக்கலாம். அது சரியாக இருந்தால் ஒவ்வொரு தெரிவையும் யார் எடுத்தார்கள் என்று எண்ணுங்கள்.

"பாட்டியின் முகம் வாடியது. அவர் உணர்ந்தது எது?" என்ற கேள்விக்குக் கோபம், வருத்தம், ஏமாற்றம், பயம் என்று நான்கு தெரிவுகள். விடை வருத்தம். மேல் பத்துப் பேரில் அதைத் தேர்ந்தவர் 3, ஏமாற்றத்தைத் தேர்ந்தவர் 7. கீழ்ப் பத்தில் வருத்தம் 5, ஏமாற்றம் 2, கோபம் 3. வேறுபடுத்தும் திறன் -0.20. நன்றாகப் படித்தவர்கள் கூட்டமாக ஒரே "தவறான" விடைக்குப் போனால் அவர்கள் பகுதியில் எதையோ பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். பாட்டி டப்பாவை எடுத்தார், பிறகு திரும்ப வைத்தார், எதிர்பார்த்தது நடக்கவில்லை. ஏமாற்றம் என்பதற்கு வருத்தத்தைவிட வலுவான சான்று இருக்கிறது. முகம் வாடுதல் என்றாலே வருத்தம் என்று மனனம் செய்தவர்கள் நாம் வைத்த விடைக்கு வந்துவிட்டார்கள்.

இந்தத் தேர்வுக்கு இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். 30 பேரில் வருத்தம் 12, ஏமாற்றம் 13, ஆக 25 பேர் சரி, கடினம் 0.83. அடுத்த முறைக்கு ஒன்றை எடுத்துவிட்டுப் பெருமிதம், வியப்பு போல எதையாவது வையுங்கள். பயத்தை ஒரே ஒருவர்தான் எடுத்தார், அதையும் மாற்றலாம்.

எவ்வளவு வந்தால் நல்லது? ஒரு எண் சொல்லுங்களேன்.

வேறுபடுத்தும் திறனுக்கு மதிப்பீட்டு அறிஞர் ஈபல் சொன்ன எல்லைகளைத்தான் பெரும்பாலும் மேற்கோள் காட்டுவார்கள்: 0.40-க்கு மேல் மிக நன்று, 0.30-க்கு மேல் நன்று, 0.20-க்கு மேல் திருத்தலாம், அதற்குக் கீழே மாற்றி எழுதுங்கள். கடினத்தைப் பொறுத்தவரை, நான்கு தெரிவில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலே 0.25 வரும் என்பதால், அதற்கும் 1-க்கும் நடுவான 0.63 அளவைச் சொல்வார்கள்.

ஆனால் அந்த 0.63 மாணவர்களை வரிசைப்படுத்தும் தேர்வுக்கு. போன வாரம் நடத்தியது வந்து சேர்ந்ததா என்று பார்க்கும் சிறு தேர்வில் 0.90 வந்தால் மகிழ்ச்சிதான், வேறுபடுத்தும் திறன் அங்கே தானாகவே சிறிதாகும். தேர்வு எதற்கு என்று முதல் பத்தியில் எழுதிவிட்டு எண்ணுக்கு வாருங்கள்.

எங்கள் தமிழ் வகுப்பில் 14 பேர்தான். இந்தக் கணக்கெல்லாம் செல்லுமா?

பாதி செல்லும். 30 பேரிலேயே 0.60 என்று வந்த தெரிவுவிடைக் கேள்வியின் உண்மையான கடினம் ஏறத்தாழ 0.42-இலிருந்து 0.78 வரை எங்கும் இருக்கலாம். மேல் பத்து, கீழ்ப் பத்து என்னும்போது ஒரே ஒரு மாணவர் விடையை மாற்றினால் வேறுபடுத்தும் திறன் 0.10 நகரும். 14 பேரில் மேல் 5, கீழ் 5 என்றால் அது 0.20. ஆகவே 0.28 வந்த கேள்வியைவிட 0.33 வந்த கேள்வி மேல் என்று எழுதாதீர்கள்.

சிறிய வகுப்பில் எண் செய்யக்கூடிய வேலை, எந்தக் கேள்வியை எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும் என்று விரல் நீட்டுவது. குறை எண், 0.20-க்குக் கீழ்க் கடினம், ஒருவரும் எடுக்காத தெரிவு ஆகிய மூன்றும் 14 பேரிலும் கண்ணில் படும். பக்கத்துப் பள்ளியின் ஆசிரியரோடு சேர்ந்து ஒரே தாளை வைத்தால் எண்ணிக்கை கூடும். ஆனால் இரண்டும் ஒரே நிலையாக இருக்க வேண்டும்; ஜி2 தமிழையும் ஜி3 தமிழையும் கலந்து எடுத்த கடினம் இரண்டு வகுப்பில் எதற்கும் பொருந்தாது.

மதிப்பெண்களை மாணவர்களிடம் கொடுத்துவிட்டேன். இப்போது அளவுகோல் தவறு என்று தெரிகிறது. மாற்றலாமா?

பாடத்துறைத் தலைவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். 2023 முதல் தொடக்கநிலையிலும் உயர்நிலையிலும் அரையாண்டுத் தேர்வு இல்லை. டபிள்யூஏ என்று நாம் சொல்லும் சிறு தேர்வுகள்தான் ஆண்டின் நடுவில் நிற்கின்றன. 20 மதிப்பெண் தாளில் ஒரு 3 மதிப்பெண் கேள்வி என்றால் 15 விழுக்காடு, கண்டுகொள்ளாமல் விடக்கூடிய அளவில்லை.

குறிப்பிட்ட கேள்வியை மட்டும் எல்லாருக்கும் மறுபடி திருத்துங்கள், கேட்டு வந்தவருக்கு மட்டும் அல்ல. தெரிவுவிடையில் இரண்டு விடைகளை ஏற்கும்போது யாருக்கும் மதிப்பெண் குறையாது. அளவுகோலை மாற்றும்போது சிலருக்குக் குறையக்கூடும். அப்படிக் குறைபவர்களுக்குப் பழைய மதிப்பெண்ணையே விட்டுவிடுவது பற்றித் தலைவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கடினத்தையும் வேறுபடுத்தும் திறனையும் கணக்கிடும்போது மட்டும், விட்டுக்கொடுத்த மதிப்பெண்களை எடுக்காமல் புதிய அளவுகோலில் வந்தவற்றை எடுங்கள்.